தாமதத்துக்கு ஒரு தேதி

புனே நகரத்து ஸீரம் இன்ஸ்டிடியூட்டின் வாசலில், 2021 ஜனவரி 12-ந் தேதி விடியுமுன், பூஜை முடிந்த கையோடு மூன்று குளிர்பதன லாரிகள் கோவிஷீல்ட் தடுப்பூசிப் பெட்டிகளைச் சுமந்து விமான நிலையத்துக்குப் புறப்பட்டன. அன்றிலிருந்து நாற்பதாம் நாள், பிப்ரவரி 21-ந் தேதி, அந்த ஸ்தாபனத்தின் தலைமை நிர்வாகி அதார் பூனாவாலா, மருந்துக்காகக் காத்திருந்த தேசங்களையும் அரசாங்கங்களையும் விளித்து, பொறுமை காட்டுமாறு பணிவுடன் வேண்டி ஒரு பகிரங்கச் செய்தி வெளியிட்டார். இந்தியாவின் தேவையை முதலில் கவனிக்கும்படி தமக்குப் பணிக்கப்பட்டிருப்பதாகவும், மற்றவர்களுக்காகவும் இயன்றவரை முயல்வதாகவும் அதில் சொல்லியிருந்தார். சரக்கு எப்போது வரும் என்று மட்டும் அதில் இல்லை.

அந்தத் தேதியைச் சொல்லுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதை அறிய, தடுப்பூசி பிறக்கும் விதத்தைச் சற்று பார்க்க வேண்டும். கோவிஷீல்டின் உட்பொருள், மனிதனுக்குள் பெருக இயலாதபடி மாற்றப்பட்ட ஒரு சிம்பன்ஸி வைரஸ். உறைநிலையில் காக்கப்பட்ட ஒரு சிறு குப்பி உயிரணுக்களை உருக்கி, முதலில் கண்ணாடிக் குடுவை அளவிலும், பிறகு படிப்படியாகப் பெரிய பாத்திரங்களிலும் வளர்த்து, இறுதியில் உயிர்வினைக்கலத்தில் பெருக்கிய பின்பே அவற்றில் விதை வைரஸ் விடப்பட்டது. உயிரணுக்களுக்குள் வைரஸ் பெருகியதும் அவற்றை உடைத்து, சிதைவுகளையும் எஞ்சிய மரபுப்பொருளையும் நீக்கி, பல வடிகட்டிகளின் வழியே செலுத்தி, பத்துப் பேருக்குப் போதுமான ஐந்து மில்லிலிட்டர் குப்பிகளில் அடைத்தார்கள். இவ்வளவும் ஆன பிறகும் மருந்து வாசலைத் தாண்டிவிடவில்லை. தொழிற்சாலையின் சொந்தப் பரிசோதனையோடு, இமாசலப் பிரதேசத்துக் கசௌலியிலுள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் அனுமதியும் வர வேண்டியிருந்தது.

இதில் அவசரப்படுத்தக்கூடிய கட்டங்கள் சொற்பம். உயிரணு தனக்குரிய வேகத்தில்தான் பிரியும். கலத்தில் அந்நியக் கிருமி புகுந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி குப்பியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரே முறையைக் கையாண்டாலும் விளைச்சல் தொகுதிக்குத் தொகுதி மாறும். ஆகவே இன்று ஒரு கலத்தை ஆரம்பித்தவர், அது எந்த மாதத்தில் வாசலைக் கடக்கும் என்பதை ஓரளவு கணிக்கலாமே தவிர, அந்த மாதத்தை ஆணையிட்டு முன்னுக்கு இழுக்க இயலாது.

இனி எண்களைப் பாருங்கள். 2021-ன் தொடக்க மாதங்களில் ஸீரம் நிறுவனத்தின் உற்பத்தி மாதத்துக்கு ஏறத்தாழ ஆறு முதல் ஏழு கோடி டோஸ். ஏழை நாடுகளுக்கு மருந்து சேர்க்கும் கோவாக்ஸ் திட்டம் மார்ச்சில் நான்கு கோடி வரையும் ஏப்ரலில் ஐந்து கோடி வரையும் எதிர்பார்த்திருந்தது. அந்த ஒரு வாடிக்கையாளருக்கே இரு மாத உற்பத்தியில் பெரும்பகுதி போய்விடும். இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது எஞ்சியது எதற்கும் போதவில்லை. மார்ச் இறுதியில் ஏற்றுமதி ஏறக்குறைய நின்றது.

இந்த நிறுத்தம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு வங்காளதேசமே சான்று. மாதம் ஐம்பது லட்சம் வீதம் ஆறு மாதத்தில் மூன்று கோடி டோஸ் பெற அது ஒப்பந்தம் செய்திருந்தது. ஜனவரியில் ஐம்பது லட்சமும் பிப்ரவரியில் இருபது லட்சமும் வந்ததோடு சரி. முதல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டாவதை உரிய வாரங்களுக்குள் போட வேண்டும். அடுத்த சரக்கின் தேதி தெரிந்திருந்தால், கையிலுள்ளதில் எவ்வளவை இரண்டாவது ஊசிக்காக ஒதுக்குவது என்று கணக்கிட்டிருக்கலாம். தேதி தெரியாததால், ஏப்ரல் 26-ந் தேதி முதல் புதியவர்களுக்கு ஊசி போடுவதையே அந்நாடு நிறுத்தியது. பின்னர் சீனத் தடுப்பூசியை நாடியது. ஏற்றுமதி நின்றது நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்த விஷயமல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் காத்திருப்பவருக்கு, பணிவான வேண்டுகோளைவிட ஒரு மாதத்தின் பெயரே அதிகம் உதவியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பெயர் மே 18-ந் தேதி வந்தது. நிறுவனம் அன்று வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவுக்கே முதலிடம் என்பதைத் திரும்பவும் சொல்லி, கோவாக்ஸுக்கும் பிற நாடுகளுக்கும் ஆண்டு இறுதிக்குள் மருந்து அனுப்பத் தொடங்க முடியும் என்று தாங்கள் நம்புவதாகத் தெரிவித்தார்கள். ஏழு மாதத் தொலைவிலுள்ள தேதியைக் கேட்டவர்கள் நிச்சயம் வருந்தியிருப்பார்கள். ஆனால் உயிரணுவின் வேகத்துக்கும் உள்நாட்டின் தேவைக்கும் இடங்கொடுத்துக் கணித்த தேதி அது. அடுத்த மாதமே வரும் என்று சொல்லிப் பின்னர் மாதாமாதம் தள்ளிப்போட்டிருந்தால், கேட்டவர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் ஊசித் திட்டத்தைக் கலைத்து மீண்டும் அமைத்திருக்க வேண்டும்.

கோவாக்ஸுக்கான ஏற்றுமதி அவ்வாண்டு நவம்பர் 26-ந் தேதி மீண்டும் தொடங்கியது. ஆண்டு முடிய அப்போது இன்னும் ஐந்து வாரம் இருந்தது.