ஊழியர்கள் 11 பேர்தான்.. பில்லில் ஏன் 12 பேருக்கான காசு? 'ட்ரூ-அப்' கட்டணம் வருவது எப்படி?

அலுவலக சாஃப்ட்வேருக்கு மாதாமாதம் பணம் கட்டும் சிறு நிறுவனங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஒரு ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், ஆபீஸில் இருப்பது 11 பேர். அப்படியென்றால் 11 ஆயிரம்தானே வர வேண்டும்? பில்லில் 12 ஆயிரம் இருக்கிறதே, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறதா?

பெரும்பாலும் தப்பு இருக்காது. மாதத்தின் நடுவில் ஆள் சேர்ந்ததும் விலகியதும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். அது எப்படி என்று பார்க்கலாம்.

'சீட்' கணக்கு என்றால் என்ன?

ஆபீஸ் மெயில், சாட், டிசைன், கணக்கு வழக்கு என டீமாகப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் விலை வைக்கின்றன. ஒரு ஆள் உள்ளே வந்து வேலை பார்க்கும் உரிமைதான் ஒரு 'சீட்'. பஸ்ஸில் சீட் ரிசர்வ் செய்வது மாதிரிதான். டிக்கெட் எடுத்த பிறகு அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் காசு உண்டு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம், மாதச் சந்தா பெரும்பாலும் முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. ஜூன் 1-ஆம் தேதி, அன்று இருக்கும் சீட்டுகளுக்கு ஜூன் மாதப் பணம் எடுக்கப்பட்டுவிடும். அதன் பிறகு மாதத்தின் நடுவில் ஆள் கூடினாலோ குறைந்தாலோ, அந்த வித்தியாசத்தைப் பிறகு சரிக்கட்ட வேண்டும். இப்படிச் சரிக்கட்டும் தொகையைத்தான் 'ட்ரூ-அப்' என்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு சிறிய டிசைன் நிறுவனம். ஜூன் 1 அன்று 10 சீட். சீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய். எனவே அன்று 10,000 ரூபாய் கட்டியாகிவிட்டது.

ஜூன் 11 அன்று புதிதாக 2 பேர் சேர்கிறார்கள். மாதத்தில் மீதி 20 நாட்கள். ஒரு ஆளுக்கு 30-இல் 20 பங்கு, அதாவது 666 ரூபாய் 67 காசு. 2 பேருக்கு 1,333 ரூபாய் 33 காசு.

ஜூன் 21 அன்று ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். மீதி 10 நாட்கள். அந்த ஆளுக்காகத் திரும்ப வர வேண்டியது 333 ரூபாய் 33 காசு.

இரண்டையும் கழித்தால் ஜூன் மாதத்துக்கான பாக்கி சரியாக 1,000 ரூபாய். ஜூலை 1 அன்று இருப்பது 11 சீட், அதற்கு 11,000 ரூபாய். ஆக மொத்தம் 12,000. 11 பேர் இருக்கும் ஆபீஸுக்கு 12 பேருக்கான பில் வந்த கதை இதுதான். உண்மையில் 12-ஆவது ஆள் என்று யாரும் இல்லை. அந்த ஆயிரம் ரூபாய் போன மாதத்துப் பாக்கி. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,160 ரூபாயும் சேர, அக்கவுண்டில் இருந்து போவது 14,160 ரூபாய்.

பில்லில் ஏன் இவ்வளவு குழப்பம்?

கணக்கு சிம்பிள்தான். ஆனால் பில் அதை இப்படிச் சொல்வதில்லை. ஸ்ட்ரைப் போன்ற பில்லிங் சேவைகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் பில்லில் இதே கணக்கு ஏறக்குறைய இப்படித் தெரியும்:

```
Unused time on 10 × Team Plan after 11 Jun     -6,666.67
Remaining time on 12 × Team Plan after 11 Jun   8,000.00
Unused time on 12 × Team Plan after 21 Jun     -4,000.00
Remaining time on 11 × Team Plan after 21 Jun   3,666.67
11 × Team Plan (1 Jul - 31 Jul)                11,000.00
```

சேர்ந்தது 2 பேர், பில்லில் எட்டாயிரம் என்று இருக்கிறதே என்று பதற வேண்டாம். சிஸ்டம் புதிதாக வந்த 2 பேரை மட்டும் தனியாகக் கணக்கிடாது. பழைய 10 சீட்டின் மீதி நாட்களுக்கான பணத்தை மொத்தமாகத் திருப்பித் தந்துவிட்டு, 12 சீட்டுக்கு அதே நாட்களைப் புதிதாக விற்கும். எனவே இந்த வரிகளை ஜோடி ஜோடியாகப் படிக்க வேண்டும். முதல் ஜோடியின் வித்தியாசம் 1,333 ரூபாய் 33 காசு கூடுதல். இரண்டாவது ஜோடியில் 333 ரூபாய் 33 காசு கழிவு.

ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள தேதியை ஹெச்.ஆர். பதிவோடு ஒப்பிட்டால் போதும், யாரால் அந்த வரி வந்தது என்று தெரிந்துவிடும். பொருந்தாத தேதி இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். சில ரூபாய் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். சில சிஸ்டங்கள் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, நொடிக் கணக்கில் கழிக்கின்றன.

ஆள் போனால் பணம் திரும்ப வருமா?

உண்மையில் காசு போகும் இடம் இதுதான். ஆள் சேர்த்தால் கட்டணம் எல்லா இடத்திலும் வரும். ஆள் விலகினால் பணம் திரும்ப வருமா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

ஸ்லாக் தாராளம் காட்டுகிறது. ஒருவர் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டால், மீதி நாட்களுக்கான தொகையைக் கிரெடிட்டாக வரவு வைக்கிறது. அது வங்கிக்குத் திரும்ப வரும் பணம் அல்ல, அடுத்த பில்லில் கழியும்.

கிட்ஹப்பில் சீட்டைக் குறைத்தால், அது அடுத்த பில்லிங் சுற்றில் இருந்துதான் அமலுக்கு வரும். மைக்ரோசாப்ட் 365-இல் விதி இன்னும் கறார். வாங்கிய அல்லது புதுப்பித்த 7 நாட்களுக்குள்தான் லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். அதைத் தாண்டினால் சந்தா காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆண்டுச் சந்தா என்றால் மீதி மாதங்கள் அத்தனைக்கும் காசு கட்டியாக வேண்டும்.

மேலே பார்த்த கணக்கிலேயே, விலகியவருக்குக் கிரெடிட் தராத நிறுவனமாக இருந்தால் பில் 12,000-க்குப் பதில் 12,333 ரூபாய் 33 காசு வந்திருக்கும்.

இந்த இரண்டு இடங்களில்தான் கோட்டை விடுகிறார்கள்

முதலாவது, ஆளை நீக்குவதும் சீட்டைக் குறைப்பதும் ஒன்று என்று நினைப்பது. மைக்ரோசாப்ட் 365-இல் ஊழியரின் கணக்கை அழித்தாலும் லைசென்ஸ் எண்ணிக்கை அப்படியே நிற்கும், காலி சீட்டுக்குப் பில் ஓடும். எண்ணிக்கையைத் தனியாகக் குறைக்க வேண்டும். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் கணக்கை 'சஸ்பெண்ட்' மட்டும் செய்தால் கட்டணம் நிற்காது.

இரண்டாவது, ஒருவர் போய் அவர் இடத்துக்கு இன்னொருவர் வரும்போது செய்யும் வரிசை. போனவரின் சீட்டைக் காலி செய்து, அதையே புதியவருக்குக் கொடுத்தால் எண்ணிக்கை மாறாது, கூடுதல் கட்டணமும் வராது. மாறாக, புதியவரை முதலில் சேர்த்துவிட்டு, பழையவரை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அன்றே ஒரு சீட் கூடிவிடும். குறைக்க முடியாத ஆண்டுத் திட்டமாக இருந்தால், அந்த ஒரு சீட்டுக்கு அடுத்த புதுப்பிப்பு வரை பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இதைத் தவிர்க்க, புதுப்பிப்பு தேதிக்கு ஒரு வாரம் முன்பே அட்மின் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். வாங்கிய சீட் எத்தனை, ஆளுக்குக் கொடுத்த சீட் எத்தனை? இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் வெட்டியாகப் போகும் பணம். அதைக் குறைக்க வாய்ப்பு கிடைப்பதும் அந்த நாட்களில்தான்.