கடிதத்தின் சூட்டைக் குறைப்பது எப்படி?

"என்னப்பா இது, முகத்துல அடிச்ச மாதிரி இருக்கே. கொஞ்சம் பதமா எழுது."

கடிதம் எழுதிக் கொண்டுபோனவர் இதைக் கேட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறார். எந்த வரி அடிக்கிறது என்று மேலாளர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மாலையில் திருத்திக் கொண்டுபோனால், "இப்ப ரொம்பக் குழையுதே" என்கிறார். இடையில் என்ன நடந்தது?

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3 அன்று சரக்கு போய்ச் சேர்ந்தது. பேசியபடி 30 நாளில், அதாவது ஏப்ரல் 2-க்குள் 1,84,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். மே 5 ஆகியும் வரவில்லை. கணக்குப் பிரிவில் எழுதிய முதல் கடிதம் இப்படி:

"பலமுறை நினைவூட்டியும் நீங்கள் பணம் செலுத்தவில்லை. இது சிறிதும் ஏற்கத்தக்கதல்ல. உடனடியாகச் செலுத்தவும். தவறினால் சட்ட நடவடிக்கை எடுப்போம்."

மேலாளர் சொன்ன பிறகு இப்படி மாறியது:

"தங்களின் பணிச்சுமைக்கிடையே தொந்தரவு தருவதற்கு வருந்துகிறோம். நிலுவை குறித்துத் தங்களுக்கு வசதிப்படும்போது கனிவுடன் பரிசீலித்தால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்."

இரண்டும் நேரெதிர் போலத் தெரிகின்றன. ஆனால் இரண்டிலுமே பில் எண் இல்லை, தொகை இல்லை, தேதி இல்லை. முதல் கடிதத்தில் அந்த இடத்தைக் கோபம் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் மன்னிப்பு பிடித்துக்கொண்டது. முதலாவதைப் படிப்பவர் பதிலுக்குச் சண்டை போடுவார். இரண்டாவதைப் படிப்பவர் அதைக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, 'வசதிப்படும்போது' என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோமே.

திருத்தும்போது செய்ய வேண்டிய முதல் வேலை, தகவல் எது, தீர்ப்பு எது என்று பிரிப்பது. "33 நாள் தாண்டிவிட்டது" என்பது தகவல். "ஏற்கத்தக்கதல்ல" என்பது தீர்ப்பு. கடுமை என்று மேலாளர் சொன்னால் தீர்ப்பை எடுக்க வேண்டும். பலர் பயந்துபோய்த் தகவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மென்மை என்று சொன்னால் தேதியையும் தொகையையும் கொண்டுவர வேண்டும். பலர் அதற்குப் பதிலாக 'உடனடியாக', 'கண்டிப்பாக' என்று சேர்க்கிறார்கள். 'உடனடியாக' என்பது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது எழுவாய். "நீங்கள் செலுத்தவில்லை" என்றால் விரல் நீள்கிறது. "தொகை எங்கள் கணக்கில் வரவாகவில்லை" என்றால் அதே செய்திதான், ஆனால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போக வேண்டியதில்லை. வினைமுற்றும் அப்படித்தான். 'செலுத்தவும்' ஆணை, 'செலுத்தினால் நன்றாக இருக்கும்' வெறும் ஆசை, 'அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்' மரியாதையும் உறுதியும் சேர்ந்த கோரிக்கை. பணம் கேட்கும் முதல் கடிதத்துக்குக் கடைசியில் உள்ளதுதான் சரி. மூன்றாம் வரைவு இப்படி அமையலாம்:

"எங்கள் பில் எண் 112-க்கான 1,84,000 ரூபாய் ஏப்ரல் 2-க்குள் வந்திருக்க வேண்டும், இன்றுவரை எங்கள் கணக்கில் வரவாகவில்லை. சரக்கிலோ பில்லிலோ குறை இருந்தால் மே 8-க்குள் தெரிவியுங்கள். குறை ஏதும் இல்லையெனில் தொகையை மே 15-க்குள் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் ஒரு சுடுசொல்லும் இல்லை. தப்பிக்க இடமும் இல்லை.

மே 15-ம் தாண்டினால் கடுமை கூடத்தான் வேண்டும். அப்போதும் குரலை உயர்த்த வேண்டாம், விளைவைச் சொன்னால் போதும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பிடிமானம் தருகிறது. வாங்கியவர் பேசிய தவணைக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி, மாதாமாதம் கணக்கிட்டு. இதை ஒரே வரியில் அமைதியாக எழுதினால், "சட்ட நடவடிக்கை எடுப்போம்" என்ற மிரட்டலைவிடப் பலமடங்கு உறைக்கும்.

சில சமயம் மேலாளரின் கவலை தொனியே அல்ல. அந்த வாடிக்கையாளரிடமிருந்து அடுத்த ஆர்டர் வரவிருக்கலாம். அது கடிதம் எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே திருத்த உட்காரும் முன், "எந்த வரி சார்? இதைப் படிச்சுட்டு அவங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுவது நல்லது.

மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'காரம்', 'குழைவு' என்று மொத்தமாகச் சொல்லி அனுப்பாமல், உறுத்தும் வரியின் கீழ் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.