அட்ரீனல் சுரப்பியில் பதுங்கும் காசநோய்

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல் ஆளுக்கொன்றாக அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான் இருக்கும். இவற்றின் வெளிப்பகுதியில் சுரக்கும் கார்ட்டிசால், காய்ச்சல், காயம், பட்டினி போன்ற நெருக்கடிகளில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. அங்கேயே சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இந்த இரண்டும் வற்றிப்போவதுதான் அடிசன் நோய்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் 11 நோயாளிகளை விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் அட்ரீனலைக் காசநோய் அரித்திருந்தது. 1930-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அடிசன் நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினருக்குக் காசநோயே காரணம் என்றது. மேலை நாடுகளில் காசநோய் அருகியபின் நிலைமை மாறியது. உடலின் தற்காப்பு அணுக்களே சுரப்பியைத் தாக்குவதுதான் இன்று அங்கே முதன்மைக் காரணம். பாடநூல்களும் அதையே முதலில் எழுதுகின்றன. காசநோய் குறையாத இந்தியா போன்ற நாடுகளில் அந்த வரிசையை அப்படியே நம்பிவிட முடியாது. இங்கே அட்ரீனல் செயலிழப்பு என்றால் முதலில் தொற்றைத்தான் தேட வேண்டும்.

காசநோய்க் கிருமி அட்ரீனலில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் நுரையீரலில் நுழைந்து ரத்தத்தின் வழியே அங்கே போய்ச் சேருகிறது. சுரப்பியின் அளவுக்குப் பார்த்தால் அதற்குள் ஓடும் ரத்தம் மிக அதிகம். போதாததற்கு, கார்ட்டிசால் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் பொருள். அது ஊறும் இடத்திலேயே கிருமிக்குப் பாதுகாப்பான குடியிருப்பு கிடைத்துவிடுகிறது. முதல் தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துக்கூட நோய் தலைகாட்டலாம். அதற்குள் நுரையீரல் ஆறியிருக்கும்; இருமலும் இருக்காது; சளிப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. தொடக்கத்தில் இரண்டு சுரப்பிகளும் வீங்குகின்றன. நாட்பட நாட்பட அவை சுருங்கி, சுண்ணாம்பு படிந்து கெட்டிப்படுகின்றன. சுரப்பித் திசுவில் ஏறத்தாழ 90 சதவீதம் அழிந்த பிறகே அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரிகின்றன.

அறிகுறிகள் ஒவ்வொன்றும் வேறு நூறு நோய்களுக்கும் உரியவை: ஓயாத களைப்பு, எடை குறைவு, பசியின்மை, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல். இவற்றோடு சிலருக்கு உப்பின் மேல் அடக்க முடியாத ஆசை வருகிறது. ஊறுகாயை வெறுமனே தின்பதும், மோரில் அள்ளி அள்ளி உப்புப் போடுவதும் வீட்டாருக்கு வேடிக்கையாகத் தோன்றும். மருத்துவருக்கு அது முக்கியமான துப்பு. இன்னொரு துப்பு நிறம். கார்ட்டிசால் குறையும்போது, சுரப்பியை உசுப்பும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை மூளையடியில் உள்ள பிட்யூட்டரி மேலும் மேலும் அனுப்புகிறது. அந்த ஹார்மோன் தோலின் நிறமி அணுக்களையும் தூண்டிவிடுகிறது. வெள்ளைத் தோலில் இந்தக் கருமை பளிச்சென்று தெரியும். மாநிறத்தவரிடமும் கறுத்தவரிடமும் "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனவே வெயில் படாத இடங்களைப் பார்க்க வேண்டும்: உள்ளங்கை ரேகைகள், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்மையில் ஆறிய தழும்பு. ஒரு வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தை வாங்கி ஒப்பிடுவது செலவே இல்லாத நல்ல சோதனை.

நடைமுறையில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரண நோயாளியை எடுத்துக்கொள்ளலாம். வயது 48, கட்டட வேலை. ஆறு மாதத்தில் எடை 58 கிலோவிலிருந்து 47-க்கு இறங்கியிருக்கிறது. குமட்டலுக்காக வயிற்று மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோப்பி எடுத்தாயிற்று. கோளாறு எதுவும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் உறையில் நீர் கோத்து, பாதியில் மருந்தை விட்டவர். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 96/60. எழுந்து நின்றதும் 74/50. ரத்தத்தில் சோடியம் 122 (குறைந்தது 135 இருக்க வேண்டும்), பொட்டாசியம் 5.8 (5-க்குள் இருக்க வேண்டும்). சி.டி. ஸ்கேனில் இரண்டு அட்ரீனலும் வீங்கியிருக்கின்றன. பழைய கதையையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, காசநோய் என்று முடிவு கட்டி மாத்திரை தொடங்கப்படுகிறது. முடிவு சரிதான். ஆனாலும் இரண்டாம் வாரத்தில் அவர் விடாமல் வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, அரை மயக்கத்தில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்.

காரணம் ரிஃபாம்பிசின். காசநோய் மருந்துகளில் இதுவே முதுகெலும்பு. ஆனால் கல்லீரலில் கார்ட்டிசாலைச் சிதைக்கும் நொதிகளை இது பல மடங்கு முடுக்கிவிடுகிறது. நல்ல அட்ரீனல் உள்ளவருக்கு இதனால் கேடில்லை. சுரப்பு கூடி இழப்பை ஈடுகட்டிவிடும். அழிந்த சுரப்பியால் அது முடியாது. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த கார்ட்டிசாலும் வேகமாகக் கரைந்துபோக, நோயாளி சரிகிறார். காசநோய் மாத்திரையால் சாதாரணமாகவே வாந்தி வருவதுண்டு, கல்லீரல் பாதிக்கப்படுவதும் உண்டு என்பதால், மருத்துவர் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிடுவது எளிது. அட்ரீனலை நினைக்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் உயிர் போகலாம்.

அவசரப் பிரிவில் செய்ய வேண்டியது சிக்கலானதன்று. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே போட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சலைன் ஏற்ற வேண்டும். சர்க்கரை குறைந்திருந்தால் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். ஊசிக்கு முன் கார்ட்டிசாலுக்கும் ஏ.சி.டி.எச்.சுக்கும் ரத்தம் எடுத்து வைத்தால் போதும். முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலோர் சில மணி நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அவசரம் இல்லாத நிலையில் நோயை உறுதிசெய்ய நேரம் இருக்கிறது. காலை எட்டு மணியளவில் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து, ஏ.சி.டி.எச். மிகுந்திருந்தால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்தது. இடைப்பட்ட அளவு வந்தால் செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்துச் சுரப்பி எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஊசி இந்தியாவில் எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக, மெதுவாக வேலை செய்யும் இன்னொரு வகை ஏ.சி.டி.எச். மருந்தைப் பல மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன.

இனி, வீக்கத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்வி. மேலே சொன்ன நோயாளிக்குக் காசநோய் என்றது சரியாக இருந்தது. ஆனால் அதே ஸ்கேன் படத்தை, அதே எடையிழப்பையும் காய்ச்சலையும், ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் தரும். பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் இந்தப் பூஞ்சையின் நுண்வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. இந்தியாவில் கங்கைச் சமவெளிப் பகுதியில் இது அதிகம். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மட்டுமே வருவது என்ற எண்ணம் தவறு, எச்.ஐ.வி. இல்லாத நடுத்தர வயதினருக்கும் இரண்டு அட்ரீனலையும் இது வீங்க வைக்கிறது. பிரேசிலில் இதே இடத்தைப் பாராகாக்சிடியாய்ட்ஸ் என்ற வேறொரு பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பாதிக்கப்படுவோரில் பலர் விவசாயிகள்.

எனவே ஸ்கேனை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது இரண்டு வகையில் தவறாகலாம். சி.டி. உதவியோடு ஊசி செலுத்திச் சுரப்பியிலிருந்து திசு எடுப்பதே நேரான வழி. அதற்கு முன், வீக்கம் அட்ரினலினைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டி அல்ல என்பதைச் சிறுநீர் அல்லது ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்தாக வேண்டும். தெரியாமல் அந்தக் கட்டியில் ஊசி பட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் பாயும். எடுத்த திசுவைக் காசநோய்க்கான சாயத்திலும் மரபணுச் சோதனையிலும் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், பூஞ்சைக்கான வெள்ளிச் சாயமும் இடச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சிலசமயம் யாரும் இடுவதில்லை. திசுவில் கண்ட அழற்சி முடிச்சுகளை வைத்தே காசநோய் என்று எழுதி அனுப்பிவிடுவதும் உண்டு.

பூஞ்சை என்றால் நோயின் கடுமையைப் பொறுத்து முதலில் ஆம்போடெரிசின் ஊசி, பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் இட்ராகோனசோல். காசநோய் என்றால் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். மருத்துவர் தேவைப்பட்டால் காலத்தை நீட்டுவார். சந்தேகத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்றால் முடியாது. ரிஃபாம்பிசின் இட்ராகோனசோலையும் ரத்தத்தில் தங்க விடுவதில்லை.

மற்ற தொற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி. முற்றியவர்களின் அட்ரீனலை சைட்டோமெகாலோ வைரஸ் தாக்குவதுண்டு. மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவும்போது சில மணி நேரத்திலேயே இரண்டு சுரப்பிகளுக்குள்ளும் ரத்தம் கசிந்து அவை செயலிழக்கலாம். இது பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நேர்வது.

கிருமியை ஒழித்தால் சுரப்பி மீளுமா என்பது ஒவ்வொரு நோயாளியும் கேட்கும் கேள்வி. அபூர்வமாக, மிகத் தொடக்கத்தில் பிடித்தால் ஓரளவு மீண்டதுண்டு. பெரும்பாலோருக்கு மீள்வதில்லை, ஹார்மோன் மாத்திரை ஆயுள் முழுதும் தேவை. வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 15 முதல் 25 மில்லிகிராம். காலையில் அதிகமும் பிறகு குறைவுமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். உப்பைத் தேக்க ஃபுளூட்ரோகார்ட்டிசோன் 50 முதல் 100 மைக்ரோகிராம். ரிஃபாம்பிசின் எடுக்கும் மாதங்களில் ஹைட்ரோகார்ட்டிசோனை ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். ரிஃபாம்பிசினை நிறுத்தியபின் அதன் விளைவு அடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதன் பிறகே பழைய அளவுக்கு இறக்குவார்கள். இட்ராகோனசோல் எதிர்த்திசையில் இழுக்கும். அது சில ஸ்டீராய்டுகளை உடலில் கூடுதலாகத் தங்க வைக்கும்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து, உடம்பு தேறியதும் மாத்திரையை விடுபவர்கள் இருக்கிறார்கள். இங்கே கொடுக்கப்படுவது உடல் தானே சுரந்திருக்க வேண்டிய அளவுதான். அதை நிறுத்தினால் பழைய சரிவு திரும்ப வரும். காய்ச்சல் வந்த நாட்களில் மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசிக்கு உடனே மருத்துவமனை போக வேண்டும். நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் எழுதிய அட்டை சட்டைப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஒருவருக்கு வாந்தியும், நின்றால் மயக்கமும், தோல் கறுப்பும் சேர்ந்து வந்தால், கல்லீரல் பரிசோதனையோடு சோடியம், பொட்டாசியம், காலைக் கார்ட்டிசால் மூன்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.