தொடர் தோல்விகளுக்குக் காரணம் துரதிர்ஷ்டமா, பலவீனமா? டார்ட்மண்ட் அணியின் அனுபவமும் 'எக்ஸ்ஜி' கணக்கும்

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க் அணியிடம் 0-1 என்ற கோல் கணக்கில் தோற்றபோது, ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட் அணி பன்டஸ்லிகா புள்ளிப்பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது. 19 ஆட்டங்களில் அந்த அணி பெற்றிருந்தது 16 புள்ளிகள் மட்டுமே. 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்று, 2013-இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி வரை சென்ற அணி, இரண்டாம் நிலைப் போட்டிக்குத் தள்ளப்படும் அபாயத்தில் நின்றது. பயிற்சியாளர் யூர்கன் கிளாப்பின் முறை காலாவதியாகிவிட்டது என்ற விமர்சனம் பலமாக எழுந்தது.

ஆனால், அந்தப் பருவம் முடிந்தபோது டார்ட்மண்ட் 46 புள்ளிகளுடன் 7-ஆவது இடத்தில் இருந்தது. முதல் பாதியின் 17 ஆட்டங்களில் 15 புள்ளிகள் பெற்ற அதே அணி, இரண்டாம் பாதியின் 17 ஆட்டங்களில் 31 புள்ளிகளைக் குவித்தது. முதல் பாதியில் 18 கோல்கள் அடித்து 26 கோல்களை விட்டுக்கொடுத்த அணி, இரண்டாம் பாதியில் 29 அடித்து 16 மட்டுமே விட்டுக்கொடுத்தது. இந்தத் திருப்பத்தை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேட உதவுவதுதான் 'எதிர்பார்க்கப்படும் கோல்கள்' எனப்படும் 'எக்ஸ்ஜி' கணக்கு.

இதன் அடிப்படை எளிமையானது. கடந்த காலத்தில் அடிக்கப்பட்ட பல்லாயிரம் ஷாட்களை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட தூரத்தில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில், காலால் அல்லது தலையால் அடிக்கப்பட்ட பந்து எத்தனை முறை கோலானது என்று கணக்கிடுகிறார்கள். நூற்றில் பத்து முறை கோலாகும் வாய்ப்பின் மதிப்பு 0.10. ஒரு பெனால்டியின் மதிப்பு ஏறத்தாழ 0.76 முதல் 0.79 வரை. பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து நேரடியாக அடிக்கப்படும் ஃப்ரீ கிக், நூற்றில் ஐந்தாறு முறை மட்டுமே கோலாகிறது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி அடித்த எல்லா ஷாட்களின் மதிப்பையும் கூட்டினால், அந்த அணி எவ்வளவு தரமான வாய்ப்புகளை உருவாக்கியது என்பது ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதா, வலைக்குள் நுழைந்ததா என்பது இந்த எண்ணை மாற்றாது.

டார்ட்மண்டின் இரு தோல்விகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். 2014 செப்டம்பர் 20-ஆம் தேதி மைன்ஸ் அணியிடம் அது 0-2 எனத் தோற்றது. ஜப்பான் வீரர் ஷின்ஜி ஒகசாகி 66-ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் டார்ட்மண்டுக்குப் பெனால்டி கிடைத்தது. சிரோ இம்மொபிலே அடித்த பந்தை மைன்ஸ் கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸ் தடுத்துவிட்டார். அதன்பின் டார்ட்மண்டின் தடுப்பாட்டக்காரர் மத்தியாஸ் கின்டர் சுய கோல் அடித்தார். எக்ஸ்ஜி கணக்கில் தவறிய பெனால்டி ஒன்றுக்கே டார்ட்மண்டுக்கு ஏறத்தாழ முக்கால் கோல் மதிப்பு சேர்கிறது. எதிரணி ஷாட் அடிக்காமல் விழும் சுய கோலுக்கோ பெரும்பாலான கணக்குகளில் மதிப்பே இல்லை. 0-2 என்ற முடிவு காட்டும் இடைவெளி, ஆட்டத்தின் வாய்ப்புகளில் இருந்த இடைவெளி அல்ல.

அடுத்த மாதம் 25-ஆம் தேதி சொந்த மைதானத்தில் ஹனோவர் அணியிடம் 0-1 எனத் தோற்றபோது, ஆட்டத்தின் ஒரே கோல் ஹிரோஷி கியோடகே அடித்த நேரடி ஃப்ரீ கிக். அதே ஃப்ரீ கிக்கை இருபது முறை அடித்தால் ஒரு முறை உள்ளே போகும். அந்த ஒரு முறை அன்று அமைந்தது.

இதனால் அணி நன்றாக ஆடியது என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. ஓர் ஆட்டத்தின் எக்ஸ்ஜி மிகக் குறைவாகவே சொல்லும். ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் 1.6 கோல் மதிப்புள்ள வாய்ப்புகளை உருவாக்கி, எதிரணிக்கு 0.8 மட்டுமே அளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரணியைவிட இரு மடங்கு சிறந்த அணி அது. ஆயினும் நிகழ்தகவுக் கணக்குப்படி அது நூற்றில் 56 ஆட்டங்களில்தான் வெல்லும். 25 ஆட்டங்கள் சமனாகும். 19 ஆட்டங்களில் தோற்கும். கால்பந்தில் கோல்கள் அரிதாகவே விழுவதால், சிறந்த அணி ஐந்தில் ஓர் ஆட்டத்தில் தோற்பது இயல்பு. கிரிக்கெட்டில் நூற்றுக்கணக்கான ரன்கள் சேரும்போது சமன்படும் ஏற்ற இறக்கங்கள், ஒன்றிரண்டு கோல்களில் முடியும் ஆட்டத்தில் சமன்படுவதில்லை.

இதே அணி 17 ஆட்டங்கள் ஆடினால் சராசரியாக 33 புள்ளிகள் பெறும். அதிர்ஷ்டம் மட்டுமே இதை ஐந்து புள்ளிகள் மேலோ கீழோ தள்ளுவது சர்வ சாதாரணம். 28 புள்ளிகளும் வரலாம், 38 புள்ளிகளும் வரலாம். பத்துப் புள்ளிகள் குறைவது அரிது என்றாலும் நடக்கக்கூடியதே. ஆனால், 15 புள்ளிகளுக்குச் சரிவது ஏறக்குறைய நடக்காத காரியம். எனவே, டார்ட்மண்டின் முதல் பாதியை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. அணியின் ஆட்டமும் சரிந்திருந்தது. கோல் குவித்து வந்த ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி அந்தக் கோடையில் பேயர்ன் முனிக் அணிக்குச் சென்றுவிட்டார். மார்கோ ராய்ஸ் காயத்தால் பல ஆட்டங்களில் இல்லை. சரிவில் எவ்வளவு பங்கு பலவீனம், எவ்வளவு பங்கு துரதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு எக்ஸ்ஜியின் வேலை.

அதைப் பிரித்துப் பார்த்தவர்களில் ஒருவர் லிவர்பூல் அணியின் ஆய்வுத்துறைத் தலைவராக இருந்த இயன் கிரகாம். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் தமது கணக்கின்படி, அந்தப் பருவத்தில் டார்ட்மண்ட் இரண்டாம் இடம் பிடித்திருக்க வேண்டிய அணி என்று அவர் கண்டார். 2015 அக்டோபரில் லிவர்பூல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கிளாப்பிடம், மைன்ஸ், ஹனோவர் ஆட்டங்களைக் குறித்து அவர் பின்னர் விவாதித்தார். அவ்வளவு நுணுக்கமாகப் பேசியவர் அந்த ஆட்டங்களைப் பார்த்திருக்கவில்லை என்பது தெரிந்தபோது கிளாப் வியப்படைந்ததாக, 2019-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. கிளாப்பின் தலைமையில் லிவர்பூல் 2019-இல் சாம்பியன்ஸ் லீக் பட்டத்தையும் 2020-இல் இங்கிலாந்து லீக் பட்டத்தையும் வென்றது.

முடிவுகளும் எக்ஸ்ஜியும் விலகி நிற்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் பெனால்டிகளைத் தனியே பிரித்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் முக்கால் கோல் மதிப்புடையது என்பதால், நான்கைந்து பெனால்டிகள் ஓர் அணியின் எண்ணை ஊதிப் பெருக்கிவிடும். அடுத்து, வாய்ப்புகள் எப்போது உருவாயின என்று பார்க்க வேண்டும். பின்தங்கிய அணி முன்னேறித் தாக்குகிறது. முன்னிலை பெற்ற அணி பின்வாங்கிக் காக்கிறது. ஆகவே, முதலில் கோல் வாங்கும் பழக்கமுள்ள அணிக்கு எக்ஸ்ஜி சற்று கூடுதலாகவே தெரியும். அந்த 2014-15 பருவத்தில் டார்ட்மண்ட் அடிக்கடி எதிரணியைத் துரத்தவேண்டிய நிலையில் இருந்தது என்பதை இங்கு மறந்துவிடக் கூடாது.

எந்த ஆட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். ஆக்ஸ்பர்க் தோல்விக்குப் பிறகு நடந்த 15 ஆட்டங்களில் டார்ட்மண்ட் 30 புள்ளிகள் பெற்றது. முழுப் பருவத்துக்கு இது 68 புள்ளிகளுக்குச் சமம். அந்தப் பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்த வூல்ஃப்ஸ்பர்க் பெற்றது 69. கிரகாமின் கணக்கு நூற்றுக்கு நூறு சரி என்று சொல்லத் தோன்றும். ஆனால், அடிமட்டத்தைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து எண்ணினால் எந்த அணியும் எழுந்து நிற்பதாகவே தெரியும். முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட எல்லையான பாதிப் பருவத்திலிருந்து எண்ணினால் வேகம் 62 புள்ளிகளுக்குத்தான் வருகிறது. அது நான்காம் இடத்துக்கான மதிப்பு. இரண்டாம் இடமாக இல்லாவிட்டாலும், கடைசி இடத்துக்கு அது வெகு தொலைவு.

அதிர்ஷ்டம் திரும்பும் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இழந்ததை அது வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவதில்லை. இனி வரும் ஆட்டங்களில் முடிவுகள் ஆட்டத்தின் தரத்தை ஒட்டி அமையும் என்பது மட்டுமே எதிர்பார்ப்பு. முதல் பாதியில் தவறவிட்ட புள்ளிகள் டார்ட்மண்டுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ஏழாம் இடத்துக்கு மேல் அதனால் ஏற முடியவில்லை. கிளாப்பும் ஏப்ரல் மாதத்திலேயே விலகலை அறிவித்துவிட்டார்.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு எச்சரிக்கிறது. 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் இடைக்காலப் பயிற்சியாளரான ஓலே குன்னர் சோல்ஷியர், முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றிகளைப் பெற்றார். அணி உருவாக்கிய வாய்ப்புகளின் தரம் அந்த வெற்றிகளுக்கு ஈடாக இல்லை என்று ஆய்வாளர்கள் அப்போதே சுட்டிக்காட்டினர். 2019 மார்ச் 28-ஆம் தேதி அவர் நிரந்தரப் பயிற்சியாளராக்கப்பட்டார். அதற்குப் பின் அந்தப் பருவத்தில் ஆடிய பத்து ஆட்டங்களில் யுனைடெட் வென்றது இரண்டே.

எனினும், எக்ஸ்ஜியோடு முரண்படும் எல்லா அணிகளும் அதிர்ஷ்டத்தில் ஓடுவதில்லை. ஷான் டைச் பயிற்சியளித்த இங்கிலாந்தின் பர்ன்லி அணி, 2017-18 பருவத்தில் 36 கோல்கள் மட்டுமே அடித்து, 39 கோல்கள் வாங்கி, 54 புள்ளிகளுடன் 7-ஆவது இடம் பிடித்தது. வாங்க வேண்டியதைவிட மிகக் குறைவான கோல்களையே அது வாங்குகிறது, இது நீடிக்காது என்று கணக்குகள் பலமுறை சொல்லின. காரணம் களத்தில் இருந்தது. பர்ன்லி எதிரணியைக் கோல் பகுதி அருகே வர அனுமதித்து, பந்துக்கும் வலைக்கும் இடையே தடுப்பாட்டக்காரர்களை நெருக்கமாக நிறுத்தியது. அடிக்கும் இடத்தை மட்டுமே பார்த்த பழைய கணக்குகளுக்கு, இடையில் எத்தனை பேர் நின்றனர் என்பது தெரியாது. 2018-இல் ஸ்டாட்ஸ்பாம் நிறுவனம் ஒவ்வொரு ஷாட்டின் தருணத்திலும் வீரர்கள் நின்ற இடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது இக்குறை ஓரளவு நீங்கியது.

ஆகவே, பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் சேர்ந்த பிறகும் ஓர் அணியின் கோல் வித்தியாசம் எக்ஸ்ஜி வித்தியாசத்திலிருந்து பெரிதும் விலகி நின்றால், அந்த அணி ஆடும் முறையில் அதற்கான காரணம் ஏதேனும் தெரிகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பர்ன்லியில் அது தெரிந்தது. 2014 இலையுதிர்காலத்து டார்ட்மண்டில், தடுக்கப்பட்ட பெனால்டியையும் இருபதில் ஒன்றாக உள்ளே போன ஃப்ரீ கிக்கையும் விளக்கும் அப்படியொரு காரணம் எதுவும் இருக்கவில்லை.