தண்ணீரும் ஆரஞ்சு, அல்வாவும் ஆரஞ்சு

விமான நிலையச் சோதனை எந்திரத்துக்குள் நம் பை நுழைந்ததும் அதிகாரியின் திரையில் வண்ணங்கள் விரிகின்றன. துணி, சோப்பு, தண்ணீர், அல்வா எல்லாம் ஆரஞ்சு. கத்தரிக்கோல், கத்தி நீலம். அலுமினியம் போன்றவை பச்சை. எக்ஸ்ரே கதிருக்கு நிறமே கிடையாது. பிறகு இந்த வண்ணம் எப்படி வந்தது?

நிழலை மட்டும் பார்த்தால் தடித்த மரக்கட்டையும் மெல்லிய இரும்புத் தகடும் ஒரே கருமையில் தெரியலாம். அதனால் கதிரைப் பிடிக்கும் உணரியை இரண்டு அடுக்காக வைத்தார்கள். மேலடுக்கு வலுக்குறைந்த கதிர்களைப் பிடிக்கும். அதைத் தாண்டி வரும் வலுவான கதிர்களைக் கீழடுக்கு பிடிக்கும். கனமான அணுக்கள் வலுக்குறைந்த கதிரை மிக அதிகமாக விழுங்கிவிடும். ஆகவே இரண்டு அடுக்கின் அளவுகளையும் ஒப்பிட்டு, பொருளில் இருப்பவை எவ்வளவு கனமான அணுக்கள் என்று கணினி கணித்து நிறம் பூசுகிறது. கத்தி சிக்குவது இப்படித்தான்.

இந்த நுட்பம் தடுமாறும் இடம் திரவம். 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி லண்டனிலிருந்து அமெரிக்கா, கனடா செல்லும் விமானங்களைத் தகர்க்கும் சதியை பிரிட்டிஷ் போலீஸ் முறியடித்தது. தண்ணீரில் இருப்பவை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், பெராக்சைடிலும் அவையே. இரண்டும் ஒரே ஆரஞ்சு! பெராக்சைடின் அடர்த்தி அதிகம்தான். தூய பெராக்சைடு ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.45 கிலோ இருக்கும். ஆனால் தட்டையான படத்தில் அடர்த்தியும் தடிமனும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பாட்டில் எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் அடர்த்தியைப் பிரித்தெடுக்க முடியாது.

அடையாளம் காண முடியாததை அளவால் கட்டுப்படுத்தினார்கள். சர்வதேசப் பயணத்தில் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லி, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள். பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை; 200 மில்லி ஷாம்பு பாட்டிலின் அடியில் கொஞ்சமே மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். குழையும் எதுவும் திரவக் கணக்கில்தான் சேரும் என்பதால் தொக்கு பறிபோகும், பருப்புப் பொடி தப்பிக்கும். அல்வாவைத் தனியே திறந்து பார்ப்பதற்கும் காரணம் உண்டு: பிளாஸ்டிக் வெடிமருந்தும் திரையில் இதே போன்ற அடர்ந்த ஆரஞ்சுக் கட்டிதான். லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்வது, அதன் உலோகமும் பேட்டரியும் பின்னால் இருப்பதை மறைப்பதால்.

புதிய சி.டி. ஸ்கேனர் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. கதிர்க்குழாய் பையைச் சுற்றிச் சுழல, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிவதுபோல் நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள் கிடைக்கின்றன. தடிமன் தெரிந்துவிடுகிறது, எனவே அடர்த்தியும் தெரிந்துவிடுகிறது. எடின்பரோ விமான நிலையம் 2025 முதல் இரண்டு லிட்டர் பாட்டிலையே அனுமதிக்கிறது. லேப்டாப்பும் பைக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் திரும்பி வரும் ஊரில் பழைய எந்திரம் இருந்தால், அங்கே அதே பாட்டில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.