ஆப்பை நீக்கினாலும் யுபிஐ ஐடி போகாது

கூகுள் பே இனி வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஐகானை அழுத்திப் பிடித்து 'அன்இன்ஸ்டால்' கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். போனிலிருந்து ஆப் போய்விடுகிறது, யுபிஐ ஐடி போவதில்லை. @okaxis, @oksbi என்று முடிகிற அந்த ஐடி எந்த வங்கிக் கணக்கைச் சேர்ந்தது என்ற பதிவு போனுக்கு வெளியே, ஆப்புக்குத் துணை நிற்கும் வங்கியிடம் இருக்கிறது. யாராவது பணம் அனுப்பினால் அது வந்து சேரத்தான் செய்யும்.

சேலத்தில் தையல் கடை நடத்தும் ஒரு பெண் பழைய சிம்மை விட்டுவிட்டுப் புது எண்ணுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கூகுள் பேயில் யுபிஐ லைட்டில் 640 ரூபாய் கிடக்கிறது. மாதாமாதம் ஒரு சினிமா ஆப்புக்கு 'ஆட்டோபே'யில் பணம் போகிறது.

முதலில் அவர் கைவைக்க வேண்டியது இந்த இரண்டிலும்தான். லைட்டை மூடினால் 640 ரூபாய் வங்கிக் கணக்குக்கே திரும்பிவிடும். ஆட்டோபே அனுமதியையும் ஆப்புக்குள்ளேயே ரத்து செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு ஆப்பை மட்டும் நீக்கினால் அனுமதி அப்படியே நிற்கும். அடுத்த மாதமும் பணம் பிடித்தம் ஆகலாம். பழைய பரிவர்த்தனை விவரங்கள் கணக்கு வழக்குக்குத் தேவைப்பட்டால் அதையும் இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு புரொஃபைல் படத்தைத் தொட்டு, வங்கிக் கணக்குகள் பகுதிக்குப் போய், கணக்கைத் திறந்து, அதை அகற்றும் தெரிவைக் கொடுக்க வேண்டும். போன்பேயில் இதே வேலைக்கு 'அன்லிங்க்' என்று இருக்கும். சேமிப்புக் கணக்குக்கோ அதிலுள்ள பணத்துக்கோ இதனால் ஒன்றும் ஆகாது. ஆப்புக்கும் கணக்குக்கும் இருந்த தொடர்பு மட்டும் அறுகிறது. போன் எண்ணையே 'யுபிஐ எண்'ணாகப் பதிந்திருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்ததா என்று பார்க்க, வீட்டில் இன்னொருவர் போனில் அந்தப் பழைய ஐடியைத் தட்டிப் பார்த்தால் போதும். பெயர் வந்தால் ஐடி இன்னும் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால், ஆப்பின் அமைப்புகளிலோ உதவிப் பகுதியிலோ கணக்கை மூடும் கோரிக்கை கொடுத்துவிட்டு, கடைசியாக ஆப்பை நீக்கலாம். கணக்கு மூடினாலும் பணப் பரிமாற்றப் பதிவுகள் உடனே அழியாது; பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் பழைய சிம் கையில் இருக்கும்போதே முடிய வேண்டும். யுபிஐ ஆப்பில் மறுபடி பதிவு செய்ய அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம் செயலிழந்து 90 நாள் கழிந்தால் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். சிம் ஏற்கெனவே போய்விட்டவர்கள் ஆப்போடு மல்லுக்கட்டாமல் நேரே வங்கிக்குப் போய், அந்த எண்ணைக் கணக்கிலிருந்து மாற்றி, யுபிஐயை நிறுத்தச் சொல்ல வேண்டும்.