கொதியில் வேகாத நொதி

கொரோனா நாட்களில் ஆர்டி-பிசிஆர் அறிக்கையைக் கையில் வாங்கியவர்களுக்கு, பல அறிக்கைகளில் 'சிடி மதிப்பு' என்று ஓர் எண் இருந்தது நினைவிருக்கலாம். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 30 என்று வரும். எண் குறைந்தால் வைரஸ் அதிகம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அந்த எண், பரிசோதனைக் குழாய் எத்தனை முறை சூடாகி ஆறியதும் வைரஸ் கண்ணில் பட்டது என்பதன் கணக்கு. ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் சூடு 95 டிகிரிக்கு ஏறும். அந்தச் சூட்டில் நம் உடம்பிலுள்ள நொதிகள் எல்லாம் அவித்த முட்டைபோல் திரண்டுவிடும். குழாய்க்குள் இருக்கும் நொதிக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அது பிறந்த இடமே ஒரு வெந்நீர் ஊற்று.

அந்த ஊற்று அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இருக்கிறது. மலைப்பகுதி என்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்றிலிருந்து வழியும் வெந்நீர், வாய்க்காலாக ஓடி மெல்ல ஆறும். ஆறிய பகுதியில் பச்சையும் ஆரஞ்சுமாக நுண்ணுயிர்கள் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும். மேலே போகப்போகச் சூடு ஏறும். ஏறத்தாழ 73 டிகிரியில் அந்த நிறம் நின்றுவிடும். அதற்கு மேல் உயிர் வாழ முடியாது என்றுதான் அன்று பெரும்பாலோர் நினைத்தார்கள்.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் தாமஸ் ப்ராக் 1964இல் முதன்முறை அங்கே போனார். 80 டிகிரிக்கும் மேலான நீரில் இளஞ்சிவப்பு இழைகள் அசைவதைப் பார்த்தார். 1966இல் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸுடன் சேர்ந்து, 'காளான் ஊற்று' என்று பெயர் பெற்ற ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில் ஒரு பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அதற்குத் தெர்மஸ் அக்வாடிகஸ் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிடித்த சூடு 70 டிகிரி.

அதுவரை அது யார் கையிலும் சிக்காததற்குக் காரணம் எளிது. வெப்ப விரும்பிகளைத் தேடியவர்கள் வழக்கமாக 55 டிகிரியில், சத்து மிகுந்த ஊட்டக் கரைசலில் வளர்த்துப் பார்த்தார்கள். ப்ராக் குழு சூட்டை 70க்கு மேல் ஏற்றியது, ஊட்டத்தை நன்றாக நீர்த்துப்போகச் செய்தது. ஊற்று நீரில் சத்து குறைவு. அந்தப் பாக்டீரியா அதற்குத்தான் பழகியது. பின்னாளில் அதே வகைப் பாக்டீரியாவை ப்ராக் வீட்டு வெந்நீர் ஹீட்டர்களிலும் கண்டெடுத்தார். ஏற்ற சூட்டில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இனி, வேகாமல் இருப்பது எப்படி என்று பார்க்கலாம். நொதி என்பது ஒரு புரதம். அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோர்த்து, அந்த மாலை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்கும். வடிவம் இருந்தால்தான் வேலை நடக்கும். சூடு ஏறினால் மாலை ஆட்டம் கண்டு மடிப்பு அவிழும். அவிழ்ந்தவை ஒன்றோடொன்று சிக்கித் திரளும். முட்டையின் வெள்ளைக்கரு கெட்டியாவது இப்படித்தான். வெப்ப விரும்பியிடம் தனியான அமினோ அமிலம் எதுவும் கிடையாது. நம்மிடம் இருக்கும் அதே 20 மணிகள்தாம். கோர்த்த விதத்தில்தான் வித்தியாசம். எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட மணிகள் அருகருகே வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. உட்பகுதியில் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடைந்திருக்கிறது. வெளியே தொளதொளவென்று தொங்கும் கண்ணிகள் குறைவு. ஒரு பெரிய ரகசியம் என்று எதுவும் இல்லை, சின்னச் சின்னப் பிடிமானங்கள் நிறையச் சேர்ந்ததுதான் அந்த உறுதி.

இந்த உறுதிக்கு விலை கிடைத்தது 1980களில். 1983இல் கலிஃபோர்னியாவில் சீட்டஸ் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி முல்லிஸுக்கு, டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கும் யோசனை வந்தது. அதுதான் பிசிஆர். செயல்முறையில் மூன்று படிகள். முதலில் 95 டிகிரி. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரியும். பிறகு 55 டிகிரி அளவுக்கு ஆற்றினால், நாம் தேடும் துண்டின் இரு முனைகளிலும் 'பிரைமர்' என்னும் குட்டி டிஎன்ஏக்கள் போய் ஒட்டும். மூன்றாவதாக 72 டிகிரி. பாலிமரேஸ் என்ற நொதி, பிரைமரிலிருந்து தொடங்கி எதிர் இழையை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி 95. இரண்டு நான்காகும். இப்படி 30 சுற்று போனால், கணக்குப்படி ஒரு துண்டு சுமார் 107 கோடியாகிவிடும்.

யோசனை அருமையாக இருந்தது. வேலைதான் நாய்படாத பாடு. அன்று கையில் இருந்தது குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸ். ஒவ்வொரு முறை 95க்குப் போகும்போதும் அது செத்துவிடும். ஆகவே சுற்றுக்குச் சுற்று குழாயைத் திறந்து புது நொதி ஊற்ற வேண்டும். ஆராய்ச்சியாளர் ஒருவர் வெவ்வேறு சூட்டில் வைத்த நீர்த்தொட்டிகளுக்கு இடையே குழாய்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

தெர்மஸ் அக்வாடிகஸின் பாலிமரேஸை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் சியன் குழுவினர் 1976லேயே பிரித்தெடுத்து விவரித்திருந்தார்கள். சீட்டஸ் குழு அந்த நொதியைச் சுத்திகரித்துப் பிசிஆர் குழாயில் போட்டது. இனி ஒரே முறை ஊற்றினால் போதும். குழாயை மூடி, சூடேற்றி ஆற்றும் எந்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பாக்டீரியாவின் பெயரைச் சுருக்கி அந்த நொதியை 'டாக்' என்று அழைக்கிறார்கள். 95 டிகிரியில் அதன் பாதித் திறன் போகவே சுமார் 40 நிமிடம் ஆகும். 40 சுற்றில் சுற்றுக்கு 15 விநாடி என்று வைத்தாலும், அந்த உச்சச் சூட்டில் அது இருப்பது மொத்தமே 10 நிமிடம்தான்.

எதிர்பாராத இன்னொரு லாபமும் வந்தது. ஈ.கோலை நொதி 37 டிகிரியில் வேலை செய்யும். அந்தச் சூட்டில் பிரைமர்கள் அரைகுறைப் பொருத்தம் உள்ள இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். தேடாத துண்டுகளெல்லாம் சேர்ந்து பெருகி முடிவு கலங்கலாக வரும். டாக் வேலை செய்வது 72இல். அங்கே முழுமையாகப் பொருந்திய பிரைமர்தான் நிலைத்து நிற்கும். ஆகவே தேடிய துண்டு மட்டும் தெளிவாகப் பெருகியது.

சிடி மதிப்பு இதிலிருந்துதான் வருகிறது. கொரோனா வைரஸின் ஆர்என்ஏவை முதலில் வேறொரு நொதி டிஎன்ஏவாக மாற்றித் தரும். பிறகு டாக் பெருக்கத் தொடங்கும். எழுதிக்கொண்டே போகும் வழியில், முன்னால் ஒட்டியிருக்கும் ஓர் ஒளிர்குறித் துண்டை டாக் வெட்டித் தள்ளும். வெட்டுப்பட்டால் அது ஒளிரும். எத்தனையாவது சுற்றில் ஒளி எந்திரத்துக்குத் தெளிவாகத் தெரிகிறதோ அதுவே சிடி. சுற்றுக்கு இரட்டிப்பு என்பதால், 20க்கும் 30க்கும் உள்ள பத்துச் சுற்று இடைவெளி சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மூக்கில் ஸ்வாப் சரியாக எடுக்காவிட்டாலும் எண் ஏறிவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து நோயின் கடுமையைச் சொல்ல முடியாது.

டாக் நொதிக்கும் குறை உண்டு. எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் திறன் அதற்கு இல்லை. வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இது ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒரு மரபணுவை எழுத்துப் பிசகாமல் படியெடுக்க வேண்டும் என்றால் சிக்கல். அதற்கு ஆள் கடலிலிருந்து கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஸ்டெட்டர், இத்தாலியின் வல்கேனோ தீவில் கடலோரச் சூட்டு மணலிலிருந்து பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற நுண்ணுயிரை எடுத்தார். அதற்கு 100 டிகிரிதான் சுகமான சூடு. அதன் பாலிமரேஸ் பிழையைக் கண்டால் பின்னால் வந்து அழித்துவிட்டு மறுபடி எழுதும்.

இன்னும் ஆழத்தில், கடலடி வெந்நீர்ப் பிளவுகளின் உறவினங்களிலிருந்தும் இத்தகைய நொதிகள் கிடைத்துள்ளன. அங்கே வெளிவரும் நீர் 350 டிகிரிக்கு மேல்கூட இருக்கும். மேலே இருக்கும் நீரின் அழுத்தம் அதைக் கொதிக்க விடாது. அந்த நீரில் உயிர்கள் நீந்துவதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. வெளியே இரண்டு டிகிரி குளிர்கடல், உள்ளே கொதிநீர், நடுவில் புகைக்கூண்டுபோல் வளர்ந்த கனிமச் சுவர். அந்தச் சுவரின் நுண்துளைகளில், தமக்கு ஏற்ற சூடு உள்ள அடுக்கில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இதுவரை ஆய்வுக்கூடத்தில் ஓர் உயிர் பெருகிய உச்ச வெப்பநிலை 122 டிகிரி. இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் எடுத்த மெத்தனோபைரஸ் என்ற உயிரின் சாதனை அது.

உப்பு ஏரியில் சிக்கல் வேறு மாதிரி. சாக்கடலின் நீர், சாதாரணக் கடல்நீரைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. ஊறுகாய் கெடாததற்குக் காரணமே, உப்பு நுண்ணுயிரின் உள்நீரை உறிஞ்சிவிடுவதுதான். அங்கே வாழும் உப்பு விரும்பிகள், தம் செல்லுக்குள்ளும் பொட்டாசியம் உப்பை அதே அளவு நிரப்பிக்கொள்கின்றன. உள்ளும் புறமும் சமம் என்பதால் நீர் வெளியேறாது. ஆனால் அவ்வளவு உப்பில் சாதாரணப் புரதம் திரண்டுவிடும். அவற்றின் புரதங்களோ மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னேற்றம் கொண்டு, தம்மைச் சுற்றி நீரைப் போர்வைபோல் பிடித்துவைக்கின்றன. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளையும் பாத்தியின் நீர் செந்நிறம் காட்டுவதும் இந்தக் கூட்டத்தால்தான். அந்தச் சிவப்பு வெயிலை உறிஞ்சி நீரைச் சீக்கிரம் வற்றவைக்கவும் உதவுகிறது.

நீர் குறைவான கரைப்பான்களில் வேலை செய்ய இந்த நொதிகள் பொருத்தமானவை. ஆனால் நல்ல தண்ணீரில் போட்டால், உப்பு தணித்து வைத்திருந்த எதிர்மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளி, பல நொதிகள் அவிழ்ந்துவிடும். எந்த நொதியும் தன் ஊரின் நிலைமையைத்தான் சுமந்து வருகிறது. நம் வேலை அந்த ஊரைப்போல் இருந்தால்தான் அது பயன்படும். பிசிஆர் குழாய் 95 டிகிரிக்குப் போகிறது, டாக்கின் ஊரும் கிட்டத்தட்ட அப்படி. பொருத்தம் அங்கேதான்.

பிசிஆர் உரிமையை ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் 1991இல் 30 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லோஸ்டோன் பூங்காவுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அது நியாயமல்ல. உயிர்வளத்தால் வரும் பலனில் அந்த இடத்துக்கும் பங்கு வேண்டும் என்ற சட்டங்கள் பிறகு வந்தன. இந்தியாவில் 2002இல் வந்தது. அதே சமயம், ப்ராக் செய்த ஒரு காரியத்தை மறந்துவிடக் கூடாது. தாம் வளர்த்த பாக்டீரியாவை அவர் பூட்டி வைக்கவில்லை. அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில், கேட்கும் ஆய்வாளர்கள் பெறும்படி ஒப்படைத்தார். பிசிஆர் என்ற சொல்லே அன்று கிடையாது. வெந்நீரில் உயிர் எதுவரை வாழும் என்ற கேள்விக்காக மட்டும் எடுத்த அந்த மாதிரி, அப்படி ஒப்படைக்கப்பட்டதால்தான் 20 ஆண்டு கழித்துத் தேவைப்பட்டவர்களுக்குத் தயாராக இருந்தது.